குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு நகைச்சுவைக் கேப்ஷன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் பிறந்தநாள் படத்துக்குச் சிரிப்பு வரும்படி ஒரு வரி எழுத வேண்டும். உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. எங்கே தொடங்குவது?

சிரிப்பைத் தேடாமல் ஒரு பொருளைத் தேடித் தொடங்குங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் குழந்தையால் இடம் மாறிய, உடைந்த, காணாமற்போன, அல்லது வேறு வேலைக்குப் போய்விட்ட ஒரு பொருள் உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, கார் சாவி, பூஜை அறை மணி, தொலைக்காட்சி ரிமோட் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பொருள் கிடைத்துவிட்டால் அதோடு ஒரு நேரத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். "சாவியைக் காணோம்" என்பது வெறும் செய்தி. "மூன்று நாள் தேடிய கார் சாவி அரிசி டப்பாவுக்குள் இருந்தது, வைத்தவருக்கு அப்போது ஒன்பது மாதம்" என்று எழுதும்போது அது உங்கள் வீட்டுக் கதையாகிவிடுகிறது.

பலருக்கு நல்ல வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, அவர்கள்தான் மறந்துவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கணவருக்கோ அக்காவுக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் திறந்து, குழந்தையின் செல்லப்பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். களைப்பில் தட்டிய அந்தச் செய்திகளில் ஒப்பனை இருக்காது. அப்படியே எடுத்து இரண்டு சொல்லை நீக்கினாலே போதும் என்ற நிலையில் பல வரிகள் கிடைக்கும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அதே வரியைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்துமா? பொருந்தினால் அது இன்னும் உங்கள் வரி ஆகவில்லை. "தூக்கம் தொலைந்த ஓராண்டு" எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். அரிசி டப்பாவுக்குள் போன சாவி ஒரு குழந்தைக்குத்தான் பொருந்தும்.

ஒரு வரி எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதை முழுதாகக் காட்ட முடியுமா?

என் தங்கை டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறாள். அவள் மகளுக்கு 2023 ஆகஸ்டில் ஒரு வயது நிறைந்தது. தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டு அது. வெளிச்சம் போகும் நேரத்தை வைத்தே சமையலும் குளியலும் நடந்தன. அங்கே இதற்கு லோட்ஷெடிங் என்று பெயர், கடுமையை நிலை எண்ணால் சொல்வார்கள். ஆகவே லோட்ஷெடிங்கை வைத்து எழுத வேண்டும் என்பதில் தங்கை உறுதியாக இருந்தாள்.

அவள் முதலில் எழுதியது இது: "எங்கள் வாழ்வின் ஒளியே, மின்வெட்டிலும் எங்களுக்கு வெளிச்சம் நீதான்!" பாசம் இருக்கிறது; சிரிப்பு இல்லை. அந்த ஆண்டு எந்தப் பிறந்தநாள் படத்தைத் திறந்தாலும் இதே ஒளியும் வெளிச்சமும்தான் இருந்தன.

இரண்டாவது முறை இப்படி வந்தது: "எங்கள் வீட்டில் ஓராண்டாக ஆறாம் நிலை லோட்ஷெடிங். காரணம் மின்நிலையம் இல்லை, எங்கள் மகள்." இது நெருங்கிவிட்டது. ஆனால் "காரணம்" என்ற சொல் வந்தவுடன் நகைச்சுவை விளக்கவுரையாக மாறிவிடுகிறது. பழியும் குழந்தையின் தலையில் விழுகிறது.

அப்போதுதான் நான் அவளிடம், மின்சாரம் போகும் இரவுகளில் உண்மையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். "மின்வெட்டைச் சமாளித்துவிடலாம் அக்கா, அதற்கு அட்டவணை உண்டு; எட்டு மணிக்குப் போகும் என்றால் ஏழரைக்கே ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவேன், இவள் எப்போது எழுவாள் என்பதற்குத்தான் அட்டவணை கிடையாது" என்றாள். வரி அங்கேயே பிறந்துவிட்டது. கடைசியில் படத்தின் கீழ் வந்தது இதுதான்:

"மின்சாரம் எப்போது போகும் என்று ஓராண்டாக அட்டவணை பார்த்து, ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்தேன். மகள் எப்போது எழுவாள் என்ற அட்டவணையை இதுவரை யாரும் வெளியிடவில்லை. முதல் பிறந்தநாள் வாழ்த்துகள், என் அறிவிக்கப்படாத மின்வெட்டே!"

இதில் வேலை செய்வது ஃபிளாஸ்க். அது இல்லையென்றால் மின்வெட்டு எல்லோருக்கும் பொதுவான செய்தியாகவே நின்றிருக்கும். அடுத்தது, "அறிவிக்கப்படாத மின்வெட்டு" என்ற செய்தித்தாள் சொற்றொடர் கடைசிச் சொல்லாக, அதுவும் விளியாக நிற்பது. அதற்குப் பின்னால் தங்கை "செல்லமே" என்று ஒன்று சேர்த்திருந்தாள். அதை நீக்கச் சொன்னேன், ஏனெனில் இரண்டு விளிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மங்கிவிடும்.

இந்த வரிக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் இறுதியில் மின்வெட்டு நிறுத்தப்பட்டுப் பல மாதங்கள் தொடர்ச்சியாக மின்சாரம் இருந்தது. அதற்குப் பின் பிறந்த குழந்தைக்கு இதே வரியைப் போட்டால் படிப்பவர் ஒரு நொடி யோசிப்பார், யோசித்த பிறகு வரும் சிரிப்பு பாதிதான். உங்கள் குழந்தையின் ஓராண்டில் ஊரே பேசிய செய்தி எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"புகழ்ந்து எழுதாதே, கண் பட்டுவிடும்" என்கிறார் ஆயா. சிரிப்பாக எழுதினால் குழந்தையைக் கேலி செய்ததாகிவிடும் என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவரும் சொல்வது சரிதான். இரண்டுக்கும் இடையில்தான் நல்ல கேப்ஷன் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிறகு ஆயா கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது சிறியதாக, ஓர் ஓரமாக இருக்கும், முகத்தை மறைக்காது. நகைச்சுவையும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். "உலகிலேயே அழகான குழந்தை" என்று எழுதினால் ஆயாவுக்குக் கலக்கம். "உலகிலேயே அழகான குழந்தை; பக்கத்தில் இரண்டு நிறக் காலுறை அணிந்து நிற்பது, அவளை அழகுபடுத்திவிட்டுத் தன்னை மறந்த அம்மா" என்று எழுதினால் பொட்டு வைத்தாயிற்று.

கேலி யார்மேல் விழுகிறது என்பதே இங்கு முக்கியம். பெற்றோர்மேல் விழட்டும். ஒரு வயதுக் குழந்தையால் திருப்பிச் சொல்ல முடியாது. எடை, நிறம், முடி, பல், நடை ஆகிய ஐந்தையும் தொடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. குறிப்பாக நடை. "ஒரு வயதாகியும் இன்னும் சோம்பேறி, எழுந்து நடக்கவில்லை" என்று ஒரு தகப்பனார் விளையாட்டாக எழுதியதற்குக் கீழே பெரியம்மாக்களும் மாமாக்களும் வைத்தியம் சொல்லத் தொடங்கினார்கள். அந்தத் தாய் இரண்டு நாள் அழுதாள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, நலமாக உள்ள குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் காலம் சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதம் கடந்தும் நீள்கிறது என்று காட்டுகிறது. ஆகவே ஒரு வயதில் நடக்காத குழந்தைக்கு அதில் சிரிக்கவும் ஒன்றுமில்லை, கவலைப்படவும் ஒன்றுமில்லை. அதே தகப்பனார் தன்னை வைத்து, "இவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்த தூரத்தைச் சேர்த்தால் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்த் திரும்பியிருப்பேன்" என்று எழுதியிருக்கலாம்.

கோயிலில் மொட்டை அடித்த பிறகு எடுத்த படம்தான் நன்றாக இருக்கிறது. மொட்டையை வைத்துச் சிரிப்பாக எழுதலாமா?

நேர்த்திக்கடனை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியம்மனுக்கு முடி கொடுத்தது குடும்பத்தின் வேண்டுதல். அதில் கை வைத்தால் பெரியவர்கள் மனம் வருந்துவார்கள். ஆனால் சந்தனம் பூசிய தலையில் தொப்பி நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது, மொட்டை அடிக்கும்போது குழந்தை அமைதியாக இருக்க, மடியில் வைத்திருந்த தாய்மாமா அழுதது போன்றவை தாராளமாக எழுதக்கூடியவை. "முடி கொடுத்தது அவன், அழுதது மாமா" என்ற ஐந்தே சொற்கள் எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படுகின்றன.

"துரை எழுந்தருளினார்", "மகாராணி கோபம் கொண்டார்" என்று எழுதுவது தமிழில் வழக்கம். அது பழையதாகிவிட்டதா?

பழையதாகவில்லை, பாதியில் விடப்படுவதால்தான் சலிக்கிறது. தமிழில் மரியாதைப் பன்மை என்று ஒன்று இருப்பதால், பத்துக் கிலோகூட இல்லாத ஓர் ஆளை "அவர்" என்று குறிப்பிட்டவுடனே சிரிப்பு தொடங்கிவிடுகிறது. அதைத் தொடர்ந்து காப்பாற்ற வேண்டும். "மகாராணி இன்று பால் குடிச்சா" என்று எழுதினால் அரண்மனை கடைசிச் சொல்லில் இடிந்துவிடும். உயர்ந்த நடை கடைசிவரை உயர்ந்தே இருக்கட்டும்; பேசப்படும் பொருள் மட்டும் மிகச் சாதாரணமாக இருக்கட்டும். இதைப் பாருங்கள்:

"இளவரசியார் இன்று அதிகாலை 3.40 மணிக்குத் துயில் எழுந்தருளி, ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் தொட்டிலின் கம்பியைத் தட்டித் தம் ஓராண்டு நிறைவைக் குடிமக்கள் இருவருக்கும் அறிவித்தருளினார்."

இங்கே பிளாஸ்டிக் கரண்டியும் 3.40 என்ற நேரமும் தரையில் நிற்கின்றன. வினைச்சொற்கள் அரியணையில் இருக்கின்றன. இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிரிப்பு. 3.40 என்பதை "அதிகாலையில்" என்று மட்டும் எழுதினால் பாதி போய்விடும்.

திருமண அழைப்பிதழின் நடையும் இதற்கு நன்றாக உதவும். "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்ற வாய்பாட்டை எல்லோரும் அறிவார்கள். "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து, கேக்கைத் தொட மறுத்து அதன் அட்டைப்பெட்டியை மட்டும் மென்ற எங்கள் செல்வனை வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்று அதை நிரப்பினால், படிப்பவர் பழகிய பாதையில் வந்துகொண்டிருக்கும்போதே அட்டைப்பெட்டியில் இடறி நிற்பார்.

குழந்தையே பேசுவது போல எழுதலாமா? அல்லது நாங்கள் இருவரும் சேர்ந்து "நாங்கள்" என்று எழுதலாமா?

"எனக்கு ஒரு வயசு ஆச்சு, கிஃப்ட் எங்கே?" என்ற வகை எல்லாக் குழந்தைகளையும் ஒரே குழந்தையாக்கிவிடுகிறது. ஓராண்டு முழுதும் பக்கத்தில் இருந்து பார்த்த சாட்சி நீங்கள்; அந்தச் சாட்சியின் குரலில்தான் விவரம் இருக்கும்.

தமிழில் "நாங்கள்", "நாம்" இரண்டும் வேறு வேறு என்பது இங்கே பயன்படும். "நாங்கள்" என்றால் பெற்றோர் இருவர் மட்டும். "நாம்" என்றால் படிக்கும் பாட்டிமாரும் உறவினரும் உள்ளே வந்துவிடுவார்கள். நன்றி சொல்லும் வரிக்கு "நாம்" நல்லது: "இந்த ஓராண்டை நாம் எல்லோரும் சேர்ந்து தாலாட்டினோம்." நகைச்சுவைக்கு "நான்" தான் கூர்மை. "நாங்கள் தூங்கவில்லை" என்பது முறையீடாக ஒலிக்கும். "அவர் தூங்கினார், நான் அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றால் ஒரு வீடு கண்முன் வரும். கணவருக்கும் சொல்ல ஒன்று இருந்தால் அவர் தன் வரியைத் தனியே எழுதட்டும். ஒரே படத்துக்கு இரண்டு பேரும் முரண்பட்ட சாட்சி சொல்வது இன்னும் நன்றாக இருக்கும்.

எங்கள் உறவினரில் பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதே வரியை ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துப் போடலாமா?

தென்னாப்பிரிக்காவில் இது ஏறக்குறைய எல்லாத் தமிழ்க் குடும்பங்களின் நிலை. 1860இல் தொடங்கி வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வீட்டுமொழி. ஆனால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் சிரிப்பு இருக்காது. மேலே சொன்ன "எழுந்தருளினார்" ஆங்கிலத்துக்குள் போகாது, ஏனெனில் அங்கே வினைச்சொல்லில் மரியாதை இல்லை.

பொருளை மட்டும் இரண்டு மொழிக்கும் பொதுவாக வைத்து, வரியை இரண்டு முறை புதிதாக எழுதுங்கள். ஃபிளாஸ்கும் அட்டவணையும், அரிசி டப்பாவுக்குள் போன சாவியும் எந்த மொழியிலும் நிற்கும். தமிழ் வரி முதலில் வரட்டும். அதைப் படிக்கத் தெரிந்த தாத்தா, தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அதற்காகவே அந்த வரியை ஒரே மூச்சில் படிக்கும் நீளத்தில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதானால், நீண்ட கூட்டுச்சொற்களைத் தவிர்த்து வீட்டில் தினமும் காதில் விழும் சொற்களையே போடுங்கள். "அறிவிக்கப்படாத" என்பதை ஆங்கில எழுத்தில் எவரும் கூட்டிப் படித்து முடிக்க மாட்டார்கள்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இன்ஸ்டாகிராம் 2,200 குறிகள்வரை ஏற்கும். ஆனால் திரையில் முதலில் தெரிவது ஓரிரு வரிகளே, மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். தமிழுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. "குழந்தை" என்பது நமக்கு நான்கு எழுத்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது ஏழு. ஆகவே நீங்கள் நினைப்பதைவிட விரைவில் இடம் தீர்ந்துவிடும்.

வாழ்த்தை முதலில் போட்டு நகைச்சுவையைக் கடைசியில் வைத்தால், அது மறைந்த பகுதிக்குள் போய்விடும். பொருள் வரும் வாக்கியத்தை முதலில் போடுங்கள். வாழ்த்தும் நன்றியும் பின்னால் வரட்டும்.

கேக்கில் முகத்தை அப்பிக்கொண்ட படம் இருக்கிறது. அதற்கு என்ன எழுதுவது?

கேக்கைப் பற்றி எழுதாதீர்கள். படத்தில் தெரிவதை வரி மறுபடி சொன்னால் இரண்டில் ஒன்று வீண். படம் எடுத்தவுடன் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்: அந்த முகம் யாருடைய பட்டுப்புடவையில் துடைக்கப்பட்டது, கிரீம் காதுக்குள்ளிருந்து எத்தனையாவது குளியலில் வந்தது. "புடவை ஆயாவுடையது. படம் எடுத்தது நான். ஓடியதும் நானே" என்பது கேக் என்ற சொல்லே இல்லாத கேக் வரி.

பழைய தமிழிலிருந்து எதையாவது எடுத்து எழுத ஆசை. பொருத்தமாக ஏதாவது உண்டா?

பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே உங்களுக்காக இருக்கிறது. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பாடுவது அது. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, தாலாட்டுக் கேட்கும் தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம் தரும் பருவம் எல்லாம் கடந்து, ஓராண்டை ஒட்டி வருவது வாரானை. தளர்நடை போடும் குழந்தையைத் தாய் கைநீட்டி "வருக, வருக" என்று அழைக்கும் பருவம். முதல் பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழில் இல்லை என்பது என் எண்ணம்.

பாட்டில் குழந்தை அழைத்தவுடன் வந்துவிடும். வீட்டில் நடப்பது வேறு. அந்த வேறுபாட்டை எழுதுங்கள்: "வருக வருக என்று கை நீட்டினேன். வந்தான், வந்தான், என்னைக் கடந்து குப்பைத்தொட்டிவரை வந்தான்." அடுத்த பருவமான அம்புலி, நிலவை விளையாட அழைப்பது. "நிலவு வேண்டுமா என்றேன், ரிமோட்டைக் காட்டினாள்" என்று ஒரு தாய் எழுதினாள். அதில் பருவத்தின் பெயர்கூட இல்லை, ஆனால் தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவருக்கும் ரிமோட் போதும். விளக்கம் சேர்க்காமல் விட்டதுதான் அவள் செய்த நல்ல வேலை.

பிறந்தநாள் புதன்கிழமை வருகிறது. விருந்து சனிக்கிழமை மண்டபத்தில். எப்போது போடுவது?

நகைச்சுவை வரியைப் புதன்கிழமையே போடுங்கள், வீட்டில் எடுத்த படத்தோடு. சனிக்கிழமை இருநூறு பேர் நடுவில் எடுத்த படத்துக்கு நன்றி சொல்லும் வரி போதும்; அங்கே குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். முழுப்பெயரும் பிறந்த தேதியும் மருத்துவமனைப் பெயரும் சேர்ந்த அட்டையைப் படத்தில் காட்டாதீர்கள், குளியல் படமும் வேண்டாம். புதன்கிழமைக்கு இப்படி ஒரு வரி போதும்:

"சென்ற ஆண்டு இதே நாளில் செவிலியர் இவளை என் கையில் கொடுத்து, 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள்' என்றார். அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள்தான் என்னை எழுப்புகிறாள்."